பச்சை மாவு

ஆவாரமேட்டில் மாதம்மாளிடம் ஒரு வேலையைச் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. ஏன் என்று கேட்பாள். ரேஷன் கடைக்காரர் நாளைக்கு வா என்றால், நாளைக்கு மட்டும் மூட்டை வந்துவிடுமா என்பாள். பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே தள்ளிப் போகச் சொன்னால், உள்ளே எங்கே இடம் இருக்கிறது, வந்து காட்டுங்கள் என்பாள். ஜவ்வாது மலைக்கு ஓடுகிற பஸ்களே கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பஸ்களின் கண்டக்டர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவள் ஏறினால் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

அவள் புருஷன் ராஜாக்கண்ணு இதற்கு நேர் எதிர். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று ஊரில் கேலி செய்வார்கள். சாமை விதைப்பதும் புளி உலுக்குவதும் போக, மீதி நேரத்தில் பெண்டாட்டி கேட்கும் கேள்விகளுக்கு மற்றவர்கள் திணறுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். ரொம்ப நாள் குழந்தை இல்லாமல் இருந்து, கடைசியில் நதியா பிறந்தாள். அதற்குப் பிறகு மாதம்மாளின் கேள்விகள் எல்லாம் அந்தக் குழந்தையைச் சுற்றியே வந்தன.

நதியாவைப் பார்த்தால் கொஞ்சாமல் போக மாட்டார்கள். உப்பிய கன்னம், உருண்டை முகம். வயிறு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே முன்னால் தள்ளியிருக்கும். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை என்று ஊரே சொன்னது. பக்கத்து வீட்டில் இருந்த சாந்தம்மாள், ராஜாக்கண்ணுவின் அக்கா, குழந்தையின் வயிற்றைத் தட்டித் தட்டிப் பெருமைப்படுவாள். சாந்தம்மாளுக்குக் கல்யாணமாகிச் சீக்கிரமே புருஷன் செத்துப்போனான். பிள்ளை இல்லை. தம்பி மகள்தான் அவளுக்கு எல்லாம்.

மாதம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மற்ற பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு மேடு ஏறி இறங்கும். நதியா கொஞ்ச தூரம் ஓடுவாள், பிறகு கல்லின் மேல் உட்கார்ந்துவிடுவாள். மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கும்; உட்கார்ந்து வெகுநேரம் ஆனாலும் அது அடங்காது. காலையில் எழுப்பினால் சீக்கிரம் எழ மாட்டாள், உடம்பு வேர்த்திருக்கும். வாயில் ஏதாவது போட்டால்தான் கண்ணைத் திறப்பாள். வளர்த்தியும் இல்லை. தன் வயசுப் பிள்ளைகளின் தோளுக்குத்தான் வந்தாள். மாந்தம் என்றார்கள், மருந்து அரைத்துக் கொடுத்தார்கள். பூச்சி என்றார்கள், அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். மாதம்மாள் ஒவ்வொருவரிடமும் ஏன் என்று கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் யாருக்கும் மனசில்லை.

கடைசியில் ஊருக்கு வந்த கிராம சுகாதார நர்ஸ் குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். ஈரல் கீழே வரைக்கும் இறங்கியிருக்கிறது, மலை இறங்கிப் பெரிய மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றாள். ராஜாக்கண்ணு புளியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினான்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். டாக்டர் நீளமான பெயர் ஒன்றைச் சொன்னார். அது மாதம்மாளின் நாக்கில் நிற்கவில்லை. பிறவியிலேயே வந்தது, யாருடைய குற்றமும் இல்லை, குணமாக்க மருந்து இல்லை, ஆனால் சாப்பாட்டை வைத்தே பிள்ளையை நன்றாக வளர்க்கலாம் என்றார். அதற்குமேல் மாதம்மாள் கேட்ட கேள்விகளுக்கு அவருக்கு நேரம் இல்லை. வெளியே வரிசை நின்றது. ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித்தருகிற ஆன்மேரி மேடத்திடம் அனுப்பிவைத்தார்.

ஆன்மேரி மலை அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மலைப் பேச்சு அவளுக்குப் பழக்கம். மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி வேனில் ஜமுனாமரத்தூர் வரைக்கும் ஏறி வருகிறவள். மாதம்மாள் உட்கார்ந்ததும், இந்தப் பிள்ளைக்கு ஈரலில் வியாதி என்றால் ஓடினால் ஏன் மூச்சு வாங்குகிறது, ஓடுவது கால்தானே என்று ஆரம்பித்தாள். ஆன்மேரி பேனாவை மூடி வைத்தாள். இது சீக்கிரம் முடிகிற கதை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மேஜை மேல் யாரோ கொடுத்த வெல்லக்கட்டி ஒன்று இருந்தது. அதை எடுத்து இரண்டாக உடைத்தாள். நாம் ஓடும்போதும் சுமை தூக்கும்போதும் காலிலும் கையிலும் உள்ள சதை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது என்றாள். நிதானமாக வேலை செய்தால் மூச்சுக் காற்றை வைத்து அந்தச் சர்க்கரையை முழுக்க எரித்துத் தீர்த்துவிடும். அவசரமாக ஓடினால் அதற்கு நேரம் பற்றாது. ஒரு சர்க்கரையை இப்படி இரண்டாக உடைத்து, உடைக்கும்போது கிடைக்கிற கொஞ்சம் தெம்பை எடுத்துக்கொண்டு ஓடும். உடைந்த இரண்டு துண்டும் மிச்சம். அந்தத் துண்டுக்கு லாக்டேட் என்று பெயர். அதைச் சதை இரத்தத்தில் விட்டுவிடும். இரத்தம் அதை ஈரலுக்குக் கொண்டுபோகும். ஈரல் இரண்டு துண்டையும் ஒட்டி மறுபடி முழுச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடும். சதை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மாதம்மாள் வெல்லத்துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துண்ட அந்தச் சதையே ஒட்டிக்கக் கூடாதா மேடம்? எதுக்கு ஈரலுக்கு அனுப்பணும்?"

ஆன்மேரி சிரித்துவிட்டாள். படிக்கிற பிள்ளைகள் கூட இதைக் கேட்பதில்லை என்றாள்.

"ஒட்டறதுக்கு உண்டான சாமான் சதைக்கிட்ட இல்லீங்க மாதம்மா. இருந்தாலும் கட்டுப்படி ஆகாது. உடைக்கறப்ப கிடைச்சதப் போல மூணு பங்கு தெம்பு செலவாகும், ஒட்டறதுக்கு. ஓடிக்கிட்டிருக்கிற காலுக்கு அவ்ளோ தெம்பு ஏது? ஈரல் ஓடறதில்ல. கொழுப்ப நிதானமா எரிச்சி, அந்தத் தெம்புல உக்காந்து ஒட்டித் தரும். அதனாலதான் அங்க அனுப்புது."

மாதம்மாள் தலையாட்டினாள். அவளுக்கு இது புதிதாகவே தோன்றவில்லை. சாமை அறுப்பு நாளில் கொல்லைக் காட்டில் நிற்கிறவள் அடுப்பு மூட்ட முடியாது. நேற்று மீந்த களியை வீட்டில் இருக்கிறவள் கரைத்துக் கூழாக்கிக் கொல்லைக்கு அனுப்புவாள். சரி, நதியாவுக்கு இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று அடுத்த கேள்வியைப் போட்டாள்.

நதியாவின் ஈரல் துண்டுகளை ஒட்டிவிடுகிறது, ஆனால் கடைசி வாசலில் ஒரு பூட்டு இருக்கிறது என்றாள் ஆன்மேரி. எல்லோருடைய ஈரலிலும் அந்தப் பூட்டு உண்டு, சாவியும் உண்டு. நதியா அந்தச் சாவி இல்லாமல் பிறந்துவிட்டாள். ஒட்டிய சர்க்கரை வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கிப்போகிறது. தங்கித் தங்கி ஈரல் வீங்குகிறது. தங்கினதில் ஒரு பங்கு மறுபடி உடைந்து லாக்டேட்டாகத் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடுகிறது. அதனால் இரத்தத்தில் சர்க்கரை குறைவு, லாக்டேட் அதிகம். ஓடினால் கால் இன்னும் கொஞ்சம் லாக்டேட்டைச் சேர்க்கிறது. அது கூடிப்போய் இரத்தம் புளித்துப் போகிறது. புளிப்பை வெளியே தள்ளத்தான் பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விடுகிறது.

ஈரல் தராத சர்க்கரையை நாம்தான் தரவேண்டும், பகலும் இரவும், சில மணிக்கொரு தரம் என்று சொல்லி ஆன்மேரி ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். வெள்ளை வெளேரென்று கார்ன்ஃப்ளார் மாவு. சர்க்கரை கொடுத்தால் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். இந்த மாவைப் பச்சையாகத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நின்று நிதானமாகச் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்கும். சாதாரணத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், வெந்நீர் கூடாது. வெல்லம், பழம், இனிப்பு எதுவும் வேண்டாம். நேரம் தப்பக் கூடாது. பிள்ளை சோர்ந்துபோனால் கன்னத்துக்குள் தடவுவதற்குக் குளூக்கோஸ் பவுடர் ஒரு பொட்டலம் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாதம்மாள் ஊர் திரும்பியதும் போனில் அலாரம் வைத்துக்கொண்டாள். அது அடிக்கும்போதெல்லாம் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு ஓடிவந்து மாவு கலக்கினாள். ஒரு மாதம் போவதற்குள் நதியா காலையில் தானாக எழ ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்ச நாளில் மூச்சு வாங்குவது குறைந்தது. ஒருநாள் ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு மேட்டின் உச்சிக்கே போய்விட்டாள். ராஜாக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு வந்து பெண்டாட்டியிடம் இரண்டு தடவை சொன்னான். வேனில் வந்த ஆன்மேரி பிள்ளையின் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து, லாக்டேட் நன்றாக இறங்கிவிட்டது என்றாள். மாதம்மாள் வேன் டிரைவர் வரைக்கும் எல்லோருக்கும் புளி கொடுத்து அனுப்பினாள்.

சாந்தம்மாளுக்கு மட்டும் அந்த மாவைக் கண்டாலே ஆகவில்லை. பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். சாமை ஆகட்டும், கேழ்வரகு ஆகட்டும், வேகாத மாவை மாட்டுக்குக் கூட அந்த ஊரில் அள்ளி வைக்க மாட்டார்கள். வெந்ததா என்று கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போடுவார்கள். ஒரு சின்னக் குழந்தை, அதுவும் ஈரல் வீங்கின குழந்தை, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றை மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்க்க முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

புளி விற்க ஒருநாள் மாதம்மாளே செங்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ராஜாக்கண்ணு முந்தின நாள் மரத்திலிருந்து இறங்கும்போது கால் சறுக்கி, வீக்கத்தோடு கட்டிலில் கிடந்தான். அவள் நாத்தனாரிடம் மாவைக் கொடுத்து, அலாரத்தையும் காட்டி, தண்ணீர் இவ்வளவு, மாவு இவ்வளவு என்று சொல்லிவிட்டு விடிகிற நேரத்தில் லோடு வேனில் ஏறினாள். சாந்தம்மாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

மாதம்மாள் மத்தியானம் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. நதியா சாந்தம்மாளின் மடியில் துவண்ட துணியாகக் கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கண் மேலே செருகியிருந்தது, ஒரு கை வெட்டி வெட்டி இழுத்தது. மாதம்மாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளூக்கோஸ் பவுடரை விரலில் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உள்ளே தடவினாள். பக்கத்து வீட்டு அசோக்குமாரின் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டிரிப் ஏறின பிறகு நதியா கண்ணைத் திறந்து, தண்ணீர் என்றாள். அப்போதுதான் மாதம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகு ஊர் பேச ஆரம்பித்தது. அந்தப் பேச்சில் நியாயம் இருந்ததுதான் மாதம்மாளை வாட்டியது. முன்பெல்லாம் இந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்திருக்கிறது. காலையில் சோர்ந்து கிடக்கும், அவ்வளவுதான். ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. இந்த மாவு ஆரம்பித்த பிறகுதானே இப்படி? மருந்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்றார்கள். ராஜாக்கண்ணு வீங்கின காலைத் தடவிக்கொண்டு, அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடு என்றான். பேசாதவன் பேசினால் அதற்கு எடை அதிகம். மாதம்மாள் போடவில்லை. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு முறை மாவு கலக்கும்போதும் அவள் கை தயங்கியது. ஏன் என்று கேட்டே பழகியவளுக்கு இந்த ஒரு ஏனுக்குப் பதில் தெரியாமல் சோறு இறங்கவில்லை.

ஆன்மேரிக்குப் போன் செய்தாள். வேன் வருவதற்கு இன்னும் நாள் இருந்தும் ஆன்மேரி திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடித்து மலை ஏறி வந்தாள். கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளைக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாந்தம்மாள் நேரம் தப்பாமல் கொடுத்தேன் என்றாள். எப்படிக் கலக்கினீர்கள் என்று ஆன்மேரி கேட்டாள்.

"பச்சையா குடுக்க மனசு வர்லமா. புள்ள வவுறு இன்னாத்துக்கு ஆவும்? என் வூட்டு அடுப்புல வெச்சி நல்லா கொதிக்கவிட்டு, கஞ்சி மாதிரி காச்சி, துளி வெல்லம் போட்டுக் குடுத்தேன். ஆசையா குடிச்சிச்சி."

மாதம்மாள் எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது. பிள்ளை பெறாதவள் என்றுகூடச் சொல்லிவிட்டாள். சாந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். ராஜாக்கண்ணுதான் போதும் என்று அதட்டினான்.

பிறகு ஆன்மேரி விளக்கினாள். மாவை வேகவைத்துவிட்டால் அது மாவாக இல்லை, சர்க்கரைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது என்றாள். குடித்ததும் சர்க்கரை வேகமாக ஏறியிருக்கும். ஏறினதைத் தணிக்க உடம்பு அதைவிட வேகமாக இறக்கியிருக்கும். அடுத்த வேளை வருவதற்குள் பிள்ளையின் இரத்தத்தில் சர்க்கரை காலி. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் ஈரல் கை கொடுக்கும். இவளுக்கு அந்த வாசல் பூட்டிக் கிடக்கிறது.

அப்படியென்றால் முன்பெல்லாம் ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் தாங்கினாளே, அது எப்படி என்று மாதம்மாள் கேட்டாள். கோபத்திலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்போ அவ இரத்தத்துல லாக்டேட் நிறைய இருந்திச்சி. சர்க்கரை இல்லாதப்ப மூளை அதையும் எரிச்சிப் பொழைச்சிக்கும். அதுலதான் தாங்கினா. ஆனா அந்த லாக்டேட்தான் அவளக் கொஞ்சம் கொஞ்சமா கெடுத்துக்கிட்டும் இருந்திச்சி, வளர விடாம. நீங்க மாவு குடுத்து அத இறக்கிட்டீங்க. அது நல்லது. ஆனா இப்ப அவளுக்கு வேற கையிருப்பு இல்ல. மாவு தப்பினா நேரா மூளையத்தான் தாக்கும். முன்ன விட இப்பதான் நேரம் தப்பக் கூடாது."

ராஜாக்கண்ணு எழுந்து நொண்டி நொண்டிப் போய் மாவு டப்பாவை எடுத்து, அலமாரியில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பத்திரமாக வைத்தான். அத்தோடு அந்தக் கேள்வி வீட்டில் முடிந்தது.

இன்னொன்று முடியவில்லை. மாதம்மாள் அன்றிலிருந்து அந்த டப்பாவை யாரையும் தொட விடவில்லை. சாந்தம்மாளிடம், இனிமேல் பிள்ளைக்கு ஒரு பருக்கை கூட நீங்கள் கொடுக்கக் கூடாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். புருஷனையும் நம்பவில்லை, அவன் தூக்கத்தில் அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கிறவன். பகலில் புளியை அடித்து ஓடு நீக்குவது, கொட்டை எடுப்பது, தண்ணீர் தூக்குவது, இரவில் எழுந்து எழுந்து மாவு கலக்குவது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை விட்டுவிடுவாள். பஸ்ஸில் போனால் கண்டக்டரிடம் சண்டை பிடிக்காமல் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். கண்டக்டரே பயந்துபோய், உடம்புக்கு என்னம்மா என்று கேட்டான்.

அடுத்த மாதம் வேனில் வந்த ஆன்மேரி நதியாவைச் சோதித்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறாள், உங்களைத்தான் சோதிக்க வேண்டும் போல என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை என்றாள் மாதம்மாள்.

ஒருநாள் மத்தியானம் வேப்ப மர நிழலில் புளி அடித்துக்கொண்டிருந்தவள், கட்டையைக் கையில் பிடித்தபடியே சாய்ந்து தூங்கிப்போனாள். ராஜாக்கண்ணு காட்டில் இருந்தான். வீட்டுக்குள் அலாரம் அடித்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. நதியா நிலைப்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை மெதுவானது. கொட்டையை எடுத்தவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

மாதம்மாளின் தோளை யாரோ பிடித்து உலுக்கினார்கள். சாந்தம்மாள். வீட்டைக் கையால் காட்டினாள். மாதம்மாள் எழுந்து ஓடினாள். நதியாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அம்மா என்று கூப்பிட்டாள், குரல் குழறியது. குளூக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, பின்னாலேயே மாவையும் கலக்கிக் கொடுத்து, மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் முகம் தெளிந்தது. இந்தத் தடவை தப்பித்தாயிற்று.

அப்புறம்தான் நாத்தனார் இன்னும் நிலைப்படிக்கு வெளியிலேயே நிற்பதைப் பார்த்தாள். அலாரம் அடித்ததைக் கேட்டு வந்திருக்கிறாள். டப்பாவைத் தொடக் கூடாது என்ற சொல் இருக்கிறது. உள்ளே வராமல், மரத்தடியில் தூங்குகிறவளைத் தேடி ஓடியிருக்கிறாள். தேடின நேரத்தில் கலக்கிக் கொடுத்திருந்தால் பிள்ளை வேர்த்திருக்காது. எத்தனையோ பேரை எத்தனையோ கேள்வி கேட்ட மாதம்மாளுக்கு அவளிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. பதில் மாதம்மாளே முன்பு சொல்லி வைத்தது.

"உள்ள வாங்க அண்ணி," என்றாள். சாந்தம்மாள் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். மாதம்மாள் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"ஓடற காலு தானே எல்லாத்தியும் செஞ்சிக்க முடியாதுன்னு அந்த மேடம் அன்னிக்கே சொன்னாங்க. எனக்குத்தான் ஏறல. இனிமே பகல்ல நீங்க குடுங்க. பச்சையாதான் குடுக்கணும். அன்னிக்கி உங்கள அப்படிப் பேசினது தப்பு அண்ணி."

சாந்தம்மாள் டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு நதியாவை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு மாதம்மாள் பொழுது சாயும் வரை தூங்கினாள்.

பகல் வேளைகள் சாந்தம்மாளுக்கு என்று ஆயிற்று. அலாரம் அடிப்பதற்கு முன்பே அவள் வந்து நிற்பாள். மாதம்மாளின் கண்ணில் வெளிச்சம் திரும்பியது. கண்டக்டர்களுக்குப் பழைய தொல்லையும் திரும்பியது. ஆனால் மாவு டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. பிள்ளை குடிப்பதைவிட அதிகம் போகிறது. முதலில் சிந்தியிருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் ஒரு சந்தேகம் அவளை அரிக்கத் தொடங்கியது. மனசு கேட்காமல் நாத்தனார் மறுபடி கஞ்சி காய்ச்சுகிறாளோ? அதைச் சரிக்கட்டத்தான் மாவைக் கூடப் போடுகிறாளோ? கேட்கவும் முடியாது, ஒரு தடவை பேசிப் பட்டாயிற்று. கேட்காமல் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து. அன்றைக்குப் புளியைப் பாதியில் போட்டுவிட்டு, அலாரம் அடிப்பதற்கு முன்னால் சத்தம் காட்டாமல் வந்து கதவோரம் நின்றாள்.

அடுப்பு எரியவில்லை. சாந்தம்மாள் தரையில் இரண்டு டம்ளர் வைத்திருந்தாள். ஒன்றில் மாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதைத் தானே ஒரே மூச்சாகக் குடித்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அலாரம் அடித்ததும் இரண்டாவது டம்ளரில் அளந்து, பச்சையாகவே கலக்கி, நதியாவிடம் நீட்டினாள். அத்தை தினமும் முதலில் குடிக்கும் என்றாள் நதியா, கதவோரம் நிற்கிற அம்மாவைப் பார்த்து.

சாந்தம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். திருட்டுத்தனத்தில் மாட்டிக்கொண்டவளாக டம்ளரை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"நீ சொன்னத நான் மாத்தல மாதம்மா. பச்சையாத்தான் குடுக்கறேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. வவுத்துக்கு எதனா பண்ணா எனக்கு மொதல்ல பண்ணட்டும், அப்புறம் புள்ளைக்குக் குடுக்கலாம்னு."

மாதம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை விடுவது என்று தெரியவில்லை. நதியா டம்ளரின் அடியைச் சுரண்டிக் குடித்துவிட்டு ஆட்டுக்குட்டியைத் தேடி வெளியே ஓடினாள்.

"வவுறு எப்படி கீது அண்ணி?" என்று கேட்டாள் மாதம்மாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"வவுறு நல்லாத்தான் கீது," என்றாள் சாந்தம்மாள். "ருசிதான் வெளங்கல."